கொஞ்சம் இரைச்சல் இருக்கட்டும்

ஒலிப்பதிவில் இருக்கும் இரைச்சலை நீக்கித் தரும் மென்பொருள் இன்று யாருக்கும் இலவசமாகக் கிடைக்கிறது. இரண்டு மூன்று பொத்தான்களை அழுத்தினால் பின்னால் ஓடிய மின்விசிறி காணாமல் போய்விடும். கூடவே இன்னொன்றும் போயிருப்பதைக் கொஞ்ச நேரம் கழித்துத்தான் காது கண்டுபிடிக்கும். குரலில் சதைப்பற்று இருக்காது. ஒவ்வொரு சொல்லின் வாலும் நறுக்கப்பட்டிருக்கும். சொல்லுக்கும் சொல்லுக்கும் நடுவே கிணுகிணுவென்று நூறு சிறு ஓசைகள் தோன்றி மறையும். பேசுவது நமக்குத் தெரிந்த மனிதர்தான். ஆனால் ஓர் இயந்திரம் அவரைப் போல் பேசிக் காட்டுவதாகத் தோன்றும்.

இது மென்பொருளின் கோளாறு அல்ல. அளவுக்கு மீறி இரைச்சலை எடுக்கச் சொன்னதன் விளைவு. எந்த அளவில் நிறுத்த வேண்டும், நிறுத்தத் தவறினால் எதைக் கேட்டுக் கண்டுபிடிக்கலாம் என்பதைத்தான் இந்தக் கட்டுரையில் சொல்லப் போகிறேன். அதற்கு ஒரே ஒரு பதிவை எடுத்துக்கொண்டு முழுவதுமாகப் பார்ப்போம். கருவி ஆடாசிட்டி. அமெரிக்காவின் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் டொமினிக் மஸ்ஸோனியும் ரோஜர் டானன்பர்க்கும் 1999இல் தொடங்கி, 2000இல் வெளியான இலவச மென்பொருள் இது. விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும், சாதாரண மடிக்கணினியே போதும்.

பதிவு என் பெரியம்மாவுடையது. விதைநெல்லை எப்படிப் பதப்படுத்தி வைப்பார்கள், கோட்டை கட்டுவது எப்படி என்று அவர் சொன்னதை ஒரு கோடை மதியத்தில் கைப்பேசியில் பதிவு செய்தேன். "பெரியம்மா, ஃபேனைக் கொஞ்ச நேரம் நிறுத்தலாமா?" என்று கேட்டதற்கு, "இந்த வேக்காட்டுலயா? நீ வேணா திண்ணையில போயி உக்காரு" என்றார். மின்விசிறி ஓடியது. மூலையில் குளிர்சாதனப் பெட்டியும் ஓடியது. கைப்பேசி அவரிடமிருந்து ஒரு மீட்டர் தள்ளி முக்காலி மேல் இருந்தது. தரை சிமெண்ட், சுவர் வெறும் சுவர். நம் வீடுகளில் நடக்கும் பெரும்பாலான பதிவுகள் இப்படித்தான் அமைகின்றன.

முதலில் கண்ணால் பார்ப்பது

கணினியில் கோப்பைத் திறந்ததும் வழக்கமான அலை வடிவம்தான் தெரியும். அதில் இரைச்சல் எவ்வளவு என்று தெரியுமே தவிர, எப்படிப்பட்டது என்று தெரியாது. அதற்கு அந்தத் தடத்தின் மெனுவில் Spectrogram என்ற காட்சிக்கு மாற வேண்டும். இதில் கீழே கனத்த ஒலிகள், மேலே கூர்மையான ஒலிகள். இடமிருந்து வலமாக நேரம் ஓடும். குரல், ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய வளைகோடுகளாகத் தெரியும். குரல் ஏறினால் கோடுகள் எல்லாம் சேர்ந்து ஏறும், இறங்கினால் சேர்ந்து இறங்கும்.

இரைச்சல்கள் அந்தப் படத்தில் வேறு வேறு உருவம் காட்டும். மின்சாரத்தால் வரும் ஹம் என்கிற உறுமல், அசையாத நேர்கோடுகளாகப் படத்தின் அடியில் கிடக்கும். நம் மின்சாரம் நொடிக்கு 50 முறை திசை மாறி மாறிப் பாய்வதால் இந்தக் கோடுகள் 50, 100, 150, 200 ஹெர்ட்ஸ் என்று அதன் மடங்குகளில் வரும். ஹிஸ் என்கிற 'உஸ்' சத்தம் படம் முழுக்கப் பரவிய மெல்லிய புகைமூட்டமாகத் தெரியும். ஒலிவாங்கியின் மின்சுற்றிலிருந்தும், மின்விசிறி கிளப்பும் காற்றிலிருந்தும் வருவது இது. அறையின் எதிரொலியைத் தனியாகப் பார்க்க முடியாது. குரலின் கோடுகள் முடிய வேண்டிய இடத்தில் முடியாமல் வலப்பக்கமாகக் கசிந்து இழுபடும். அந்தக் கசிவுதான் அது.

இந்த மூன்றுக்கும் மூன்று தனி வைத்தியம். எல்லாவற்றையும் ஒரே பொத்தானில் தீர்க்கப் பார்ப்பதுதான் இயந்திரக் குரலுக்கு முதல் காரணம் என்பது என் அனுபவம்.

பெரியம்மா பேசாத ஓர் இடைவெளியைத் தேர்ந்தெடுத்து Analyze மெனுவில் Plot Spectrum திறந்தேன். அதில் Size என்பதை 16384 என்று வைத்தால் அடிப்பகுதியின் முகடுகள் பிரிந்து தெரியும். 50இல் ஒன்றுமே இல்லை. 100இல் உயரமான ஒரு முகடு, 200இல் அதைவிடச் சிறியது, 300இல் மிகச் சிறியது. இதிலிருந்தே மூலம் எது என்று ஊகிக்கலாம். மின்விசிறியின் மோட்டாரும் குளிர்சாதனப் பெட்டியும் காந்த விசையால் நொடிக்கு 100 முறை அதிர்கின்றன. அந்த அதிர்வு காற்றின் வழியே கைப்பேசிக்கு வந்திருக்கிறது. 50இல் முகடு இருந்திருந்தால் கதை வேறு. மடிக்கணினியைச் சார்ஜரில் போட்டபடி கம்பி மைக்கில் பதிவு செய்யும்போது பெரும்பாலும் அதுதான் வரும். சார்ஜரைப் பிடுங்கிப் பார்த்தால் பல வேளைகளில் அந்த உறுமல் அப்போதே நின்றுவிடும்.

உறுமலைக் கோடு கோடாக எடுப்பது

இங்கே இரண்டு வேலை. முதலாவது எளிது. மனிதப் பேச்சில் 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே நமக்குத் தேவையானது அநேகமாக எதுவும் இல்லை. ஆனால் காற்று மைக்கில் மோதும் சத்தம், முக்காலியின் அதிர்வு, தெருவில் போகும் லாரி எல்லாம் அங்கேதான் குவிகின்றன. Effect மெனுவில் EQ and Filters பகுதியில் உள்ள High-Pass Filter-ஐத் திறந்து 80 என்று கொடுத்து, Roll-off என்பதை 24 என்று வைத்தால் அந்தக் குப்பை முழுதும் இறங்கிவிடும். குரலில் எந்த மாற்றமும் தெரியாது. ஆழ்ந்த குரலுள்ள ஆண் பேசுகிறார் என்றால் 70 போதும். மென்பொருள் தானாகக் காட்டும் எண் 1000. அதை மாற்றாமல் அழுத்தினால் குரலின் கனம் முழுதும் போய்விடும்.

இரண்டாவது வேலை அந்த 100 ஹெர்ட்ஸ் கோடு. இதற்கு Notch Filter இருக்கிறது. குறிப்பிட்ட ஓர் இடத்தில் மட்டும் ஒலியைக் குடைந்து எடுப்பது அதன் வேலை. அதில் இரண்டு எண்கள் கேட்கும். ஒன்று, எந்த இடம். மற்றொன்று Q. குடைவு எவ்வளவு குறுகலாக இருக்க வேண்டும் என்பதை இது சொல்கிறது. இடத்தை Q ஆல் வகுத்தால் குடைவின் அகலம் கிடைக்கும். தானாக வரும் Q 1. அப்படியே விட்டால் 100 ஹெர்ட்ஸில் 100 ஹெர்ட்ஸ் அகலத்துக்குப் பள்ளம் விழும். உறுமலோடு குரலின் அடித்தளமும் அதில் போய்விடும். Q 30 என்று வைத்தால் அகலம் சுமார் 3 ஹெர்ட்ஸ்தான். கோட்டுக்கு மட்டும் அது போதும். சரி, 200 வைத்தால் இன்னும் குறுகலாகுமே என்று தோன்றலாம். மிகக் குறுகலான குடைவு தானே ரீங்காரம் இடத் தொடங்கும். ஒவ்வொரு சொல்லின் பின்னும் அதே சுருதியில் ஒரு மெல்லிய இழுப்பு கேட்கும். 20க்கும் 40க்கும் இடையில் நிற்பது நல்லது.

அடுத்து எத்தனை கோடுகளை எடுப்பது? பெரியம்மாவின் குரல் பெரும்பாலும் 180க்கும் 220 ஹெர்ட்ஸுக்கும் இடையில் ஏறி இறங்கியது. 100இல் அவர் குரலே இல்லை, ஆகவே அங்கே தயங்காமல் குடைந்தேன். 200இல் இருந்த கோட்டைத் தொடவில்லை. அவர் குரல் ஒவ்வொரு வாக்கியத்திலும் பலமுறை 200ஐக் கடந்து போகிறது. அங்கே பள்ளம் இருந்தால் கடக்கும்போதெல்லாம் குரல் ஒரு கணம் மெலிந்து திரும்பும். கேட்பவருக்குக் காரணம் புரியாது, ஆனால் ஏதோ செயற்கையாக இருக்கிறது என்று பட்டுவிடும். பேசியது பெரியப்பாவாக இருந்திருந்தால் கணக்கு தலைகீழாகியிருக்கும். ஆண் குரலின் அடிச்சுருதி பெரும்பாலும் 100ஐச் சுற்றித்தான் இருக்கும், அதனால் 100இல்தான் நிதானம் தேவைப்பட்டிருக்கும். 50, 100, 150 என்று பத்துக் கோடுகளையும் வரிசையாகக் குடையும்படி சொல்லும் செய்முறைகள் நிறைய உலவுகின்றன. முகடு தெரியும் இடத்தில் மட்டும், அதுவும் குரலுக்கு வெளியே இருந்தால் மட்டும் குடைவதே சரி என்பது என் தீர்மானம்.

உறுமலை 'உஸ்' சத்தத்துக்கு முன்னால் எடுப்பதற்கும் காரணம் உண்டு. அடுத்து வரப்போகும் கருவி ஒலியைச் சுமார் 20 ஹெர்ட்ஸ் அகலமுள்ள பட்டைகளாகப் பிரித்துத்தான் பார்க்கும். 100 ஹெர்ட்ஸ் பக்கத்தில் அவ்வளவு தடித்த பட்டைகளை வைத்துக்கொண்டு ஒற்றைக் கோட்டை எடுக்கப் போனால் அக்கம்பக்கமும் சேதமாகும்.

'உஸ்' சத்தமும் இயந்திரக் குரலும்

Noise Reduction என்ற கருவி Effect மெனுவில் Noise Removal and Repair பகுதியில் இருக்கிறது. இதை இரண்டு கட்டமாக இயக்க வேண்டும். முதலில் இரைச்சல் மட்டும் இருக்கும் ஓர் இடைவெளியைத் தேர்ந்து Get Noise Profile அழுத்தினால், இந்தப் பதிவில் இரைச்சல் எப்படி இருக்கும் என்று அது குறித்துக்கொள்ளும். பிறகு முழுப் பதிவையும் தேர்ந்து மறுபடி அதே கருவியைத் திறந்து, எவ்வளவு குறைக்க வேண்டும் என்று சொல்ல வேண்டும்.

உள்ளே நடப்பது இதுதான். நொடிக்கு 44,100 மாதிரிகள் கொண்ட பதிவை 2048 மாதிரிகள் கொண்ட துண்டுகளாக, அதாவது சுமார் 46 மில்லிநொடித் துண்டுகளாக, ஒன்றன்மேல் ஒன்று படியும்படி நறுக்குகிறது. ஒவ்வொரு துண்டையும் ஆயிரத்துச் சொச்சம் பட்டைகளாகப் பிரிக்கிறது. ஒவ்வொரு பட்டையிலும் ஒரே கேள்வி: இங்கே இருக்கும் ஒலி, நான் குறித்து வைத்த இரைச்சலைவிடத் தெளிவாகப் பெரிதா? பெரிது என்றால் குரல், தொடாதே. இல்லை என்றால் இரைச்சல், குறைத்துவிடு. நொடிக்குப் பல்லாயிரம் தீர்ப்புகள். குரல் எது, இரைச்சல் எது என்ற அறிவு எதுவும் அதற்குக் கிடையாது. அளவை மட்டுமே பார்க்கிறது.

தவறு இரண்டு விதமாக நேரும். 'உஸ்' சத்தம் சீரானதாகக் காதுக்குப் பட்டாலும், நுணுக்கமாகப் பார்த்தால் ஒவ்வொரு பட்டையிலும் கணத்துக்குக் கணம் துள்ளிக்கொண்டே இருக்கும். அப்படித் துள்ளும்போது சில துணுக்குகள் எல்லையைத் தாண்டிவிடும், கருவி அவற்றைக் குரல் என்று நம்பி விட்டுவிடும். சுற்றியுள்ள இரைச்சல் எல்லாம் வடிந்த பிறகு இந்தத் துணுக்குகள் மட்டும் தனித்து நின்று கிணுகிணுக்கும். ஒலிப்பொறியாளர்கள் இதை மியூசிகல் நாய்ஸ் என்பார்கள். மற்றத் தவறு இதற்கு நேர் எதிர். குரலின் மெலிந்த பகுதிகள், அதாவது மூச்சு, மேல்வரிசைக் கோடுகள், சொல்லின் இறுதி, இவை எல்லைக்குக் கீழே விழுந்துவிடும். முறத்தில் வேகமாகப் புடைத்தால் உமியோடு நொய்யும் பறப்பதைப் போல, அவை இரைச்சலோடு சேர்ந்து போய்விடும். மிஞ்சுவது வலுவான சில கோடுகள் மட்டும். அதுவும் ஒரு துண்டில் இருக்கும், அடுத்த துண்டில் இருக்காது. இந்த மினுக்கலைத்தான் காது இயந்திரம் என்று கேட்கிறது.

இது புதிய சிக்கல் அல்ல. பேச்சிலிருந்து இரைச்சலின் அளவை இப்படிப் பட்டை பட்டையாகக் கழிக்கும் முறையை ஸ்டீவன் போல் என்ற ஆய்வாளர் 1979இல் விரிவாக எழுதினார். அதே ஆண்டிலேயே பெரூட்டி, ஷ்வார்ட்ஸ், மக்கூல் என்ற மூவர் அந்தக் கிணுகிணுப்பைத் தணிக்க ஒரு வழி சொன்னார்கள். இரைச்சலை அடிமட்டம் வரை கழிக்காதே, சீரான ஒரு சிறு மிச்சத்தை விட்டு வை என்பது அந்த வழியின் ஒரு முக்கியப் பகுதி. விட்டு வைத்த மிச்சம், தனித்து நிற்கும் துணுக்குகளை மூடிவிடும். நாற்பது ஆண்டுகளுக்கு மேல் கடந்தும் இதைவிட நல்ல அறிவுரை எனக்குக் கிடைத்ததில்லை.

ஆடாசிட்டியில் அந்த மிச்சத்தைத் தீர்மானிப்பது முதல் எண், Noise reduction (dB). இரைச்சல் என்று தீர்ப்பான பட்டையை எத்தனை டெசிபல் இறக்குவது என்பது அது. 6 என்று வைத்தால் பாதி அலைவீச்சு, 12 என்றால் கால்வாசி, 24 என்றால் பதினாறில் ஒன்று. 24 வைத்தால் இடைவெளிகளில் கிட்டத்தட்ட அமைதி. ஆனால் தவறாகத் தீர்ப்பான குரல் துணுக்குகளும் அதே அளவு இறங்கும், தப்பிய துணுக்குகள் அதே அளவு துருத்தும். 8 வைத்தால் தவறுகள் அதே எண்ணிக்கையில்தான் நடக்கின்றன. ஒவ்வொரு தவறின் சேதமும் காதுக்கு எட்டாத அளவுக்குச் சிறியதாகிவிடுகிறது. பேச்சுக்கு 6 முதல் 10 வரை, மிஞ்சினால் 12. அதற்குமேல் நான் போவதில்லை.

இரண்டாவது எண் Sensitivity. எல்லையை எங்கே வைப்பது என்பது இது. கூட்டினால் கிணுகிணுப்பு குறையும், ஆனால் குரலின் மெல்லிய பகுதிகள் அடிபடும். குறைத்தால் குரல் தப்பும், துணுக்குகள் கூடும். மூன்றாவது Frequency smoothing, ஒரு பட்டையின் தீர்ப்பை அக்கம்பக்கத்துப் பட்டைகளோடு கலந்து மென்மையாக்குவது. பேச்சுக்கு 6 நன்றாக வருகிறது. அதைப் பெரும்பாலும் தொடத் தேவையில்லை.

மிச்சத்தைக் கேட்பது

இந்தக் கருவியில் மிகப் பயனுள்ளது, பலர் கவனிக்காமல் விடும் ஒரு சிறு வட்டம். கீழே Reduce, Residue என்று இரண்டு தேர்வுகள் இருக்கும். Residue என்பதைத் தேர்ந்து Preview அழுத்தினால், எடுத்த பிறகு இருக்கப்போவது கேட்காது, எடுக்கப்போவது கேட்கும். அதில் வெறும் 'உஸ்' மட்டும் இருக்க வேண்டும். பேச்சின் சொற்கள் அதில் புரிந்தால், நீங்கள் இரைச்சலோடு பேச்சையும் வெட்டுகிறீர்கள்.

பெரியம்மாவின் பதிவில் தானாக வந்த 6 என்ற Sensitivity-யுடன் இதைக் கேட்டேன். அடி அடியாக 'ச்', 'ஸ்' என்று சிதறல்கள் வந்தன. சொற்களின் முடிவில் மங்கலான முனகல்கள் வந்தன. 'காய்ச்சல் போட்டு', 'வச்சிருந்தா' என்ற சொற்களைத் துண்டு துண்டாகக் கண்டுபிடிக்க முடிந்தது. காரணம் எளிது. ச, ஸ, ஷ போன்ற ஒலிகளே காற்று உரசுவதால் பிறப்பவை, அவற்றின் உருவமும் இரைச்சலின் உருவமும் ஒன்று. அளவை மட்டும் பார்க்கும் கருவியால் இரண்டையும் பிரிக்க இயலாது.

பேச்சுத் தமிழில் இதைவிட நுணுக்கமான ஓர் ஆபத்தும் உண்டு. 'வந்தான்' என்பதை நாம் பேசும்போது கடைசி 'ன்' முழுதாக ஒலிப்பதில்லை, நெடிலின் மேல் ஒரு மூக்கொலிச் சாயலாக மட்டும் நிற்கிறது. 'வந்தாள்' என்பது 'வந்தா' என்று முடிகிறது. வந்தது ஆணா பெண்ணா என்பது அந்த மெல்லிய மூக்கொலியில் தொங்குகிறது. சொல்லின் இறுதியில், குரல் தாழும் இடத்தில், இரைச்சலுக்கு மிக அருகில் இருக்கும் அதுதான் முதலில் வெட்டுப்படும். வாய்மொழிப் பதிவை எழுத்தில் இறக்குகிறவர்கள், யார் வந்தார் என்று தெரியாமல் விழிக்கும் இடங்கள் இவை. அதனால் சரிபார்க்கும்போது நான் வாக்கியத்தின் நடுவைக் கேட்பதில்லை, முடிவுகளைத்தான் கேட்கிறேன்.

Sensitivity-யை 4க்கு இறக்கினேன். மிச்சத்தில் சொற்கள் மறைந்தன, 'ஸ்' சிதறல் அங்கங்கே மட்டும் இருந்தது. Noise reduction 8. பிறகு Reduce-க்கு மாறிக் கேட்டபோது இடைவெளிகளில் கிணுகிணுப்பு தனியாகத் தெரியவில்லை, விட்டு வைத்த இரைச்சல் அதை மூடியிருந்தது. அங்கே நிறுத்திக்கொண்டேன்.

இரைச்சலின் மாதிரியை எங்கிருந்து எடுப்பது என்பதிலும் ஒரு கண்ணி இருக்கிறது. பதிவின் தொடக்கத்தில், யாரும் பேசாத நீண்ட இடைவெளி வசதியாகத் தோன்றும். ஆனால் கைப்பேசிகள் பல, ஒலி தாழ்ந்தால் தாமாகவே பதிவின் அளவைக் கூட்டிவிடுகின்றன, பேச்சு வந்ததும் குறைத்துவிடுகின்றன. பேசி முடித்த பிறகு 'உஸ்' சத்தம் மெல்ல மெல்ல ஏறுகிறதா என்று கேளுங்கள். ஏறினால் உங்கள் கைப்பேசி அதைச் செய்திருக்கிறது. அப்படியானால் நீண்ட இடைவெளியில் இருக்கும் இரைச்சல், பேச்சுக்கு அடியில் இருப்பதைவிடப் பெரியது. அதை மாதிரியாகக் கொடுத்தால் எல்லை உயர்ந்து, பேச்சு வெட்டுப்படும். எல்லா எண்களும் சரியாக இருந்தும் குரல் இயந்திரமாகிறதே என்று குழம்புகிறவர்கள் முதலில் இதைச் சோதிக்கலாம். இரண்டு வாக்கியங்களுக்கு நடுவே, இரைச்சல் ஏறுவதற்கு முன்னால் உள்ள அரை நொடியையே மாதிரியாக எடுங்கள். மூச்சிழுப்போ நாற்காலிச் சத்தமோ அதில் இருக்கக் கூடாது.

மின்விசிறியின் வேகம் நடுவில் மாறினால், குளிர்சாதனப் பெட்டி நின்றுவிட்டால், பதிவை அந்த இடத்தில் பிரித்துப் பகுதிக்கு ஒரு மாதிரி எடுக்க வேண்டும். குக்கர் விசில், நாய் குரைப்பு, வாகன ஹாரன் போன்றவற்றை இந்தக் கருவி எடுக்காது. ஒரே சீராக ஓடும் இரைச்சலுக்கு மட்டுமே அது உதவும்.

கணக்கு எப்படி முடிந்தது

தொடக்கத்தில் பெரியம்மாவின் பேச்சு சராசரி −32 டெசிபலிலும் இரைச்சல் −54இலும் இருந்தன. இடைவெளி 22. அடிக்குப்பையையும் 100 ஹெர்ட்ஸ் கோட்டையும் எடுத்ததும் இரைச்சல் −57க்கு இறங்கியது. Noise Reduction அதை −65க்குக் கொண்டுபோனது. இடைவெளி 33 ஆனது. கடைசியாக ஒட்டுமொத்தமாக 12 டெசிபல் ஏற்றி, பேச்சை −20க்குக் கொண்டுவந்தேன். இரைச்சலும் கூடவே ஏறி −53க்கு வந்தது. ஏறக்குறைய தொடங்கிய அதே எண்! ஆனால் குரல் இப்போது அதற்கு 33 டெசிபல் மேலே நிற்கிறது. ஹெட்போனில் கூர்ந்து கேட்டால் மின்விசிறி ஓடுவது தெரியும். பேச்சைக் கேட்கத் தொடங்கியதும் மறந்துவிடும்.

சத்தத்தை ஏற்றும் வேலை எப்போதும் கடைசியில்தான். குறிப்பாக, தாழ்ந்த ஒலிகளைத் தூக்கிச் சமன் செய்யும் Compressor-ஐ முதலில் போட்டால், இடைவெளிகளில் இரைச்சல் மேலே ஏறும், பேச்சு வந்ததும் இறங்கும். பிறகு எந்த மாதிரியும் அதற்குப் பொருந்தாது.

இடைவெளிகளை முழு மௌனமாக்கிவிடும் Noise Gate-ஐப் பலர் விரும்புகிறார்கள். பேச்சுக்கு நான் அதைப் பரிந்துரைக்க மாட்டேன். அது சொற்களுக்கு இடையில் மட்டும் இரைச்சலை அடைக்கிறது. சொல் வரும்போது இரைச்சலும் கூடவே வரும், சொல் நின்றால் அதுவும் நிற்கும். சீராக ஓடும் இரைச்சலைக் காது சில நொடிகளில் ஒதுக்கிவிடும். வந்து வந்து போகும் இரைச்சலை அதனால் ஒதுக்க முடியாது. இதே காரணத்தால்தான், ஒரு இருமலை வெட்டி எடுத்தால் அந்த இடத்தை வெறுமையாக விடாமல், அதே பதிவின் வேறோர் இடைவெளியிலிருந்து நகலெடுத்து ஒட்ட வேண்டும்.

எதிரொலிக்கு இந்த வழியில் மருந்து இல்லை. சுவரில் பட்டுத் திரும்பி வருவது பெரியம்மாவின் குரலேதான். குரலிலிருந்து குரலைப் பிரிக்க, இரைச்சல் மாதிரி எடுக்கும் கருவியால் முடியாது. பேராசைப்பட்டு Noise Reduction-ஐ ஏற்றினால் எதிரொலியின் வால் பாதியில் அறுந்து, முன்னைவிட விகாரமாகக் கேட்கும். அதைப் பதிவின்போதே தடுக்க வேண்டும். ஒலிவாங்கிக்கும் வாய்க்கும் உள்ள தூரத்தைப் பாதியாக்கினால் நேரடிக் குரல் சுமார் 6 டெசிபல் கூடும். அறையின் எதிரொலியும் மின்விசிறியின் இரைச்சலும் அப்படியே இருக்கும். அன்று கைப்பேசி ஒரு மீட்டரில் இல்லாமல் கால் மீட்டரில் இருந்திருந்தால் 12 டெசிபல் கிடைத்திருக்கும். மேலே சொன்ன வேலை எல்லாம் சேர்ந்து எனக்குக் கொடுத்தது 11. கால் மீட்டரில் வைக்கும்போது நேராக வாய்க்கு எதிரே வைக்காமல் சற்றுப் பக்கவாட்டில், நெஞ்சு உயரத்தில் வைத்தால் மூச்சுக்காற்று மைக்கில் மோதாது. முக்காலியின் மேல் ஒரு மடித்த துண்டும், பேசுகிறவருக்கு எதிர்ச்சுவரில் தொங்கும் கனத்த போர்வையும் எதிரொலியைக் கணிசமாகத் தணிக்கும்.

கைப்பேசிப் பதிவு m4a வடிவில் இருந்து ஆடாசிட்டி திறக்க மறுத்தால், ffmpeg என்ற இன்னொரு இலவச மென்பொருளில் இந்த ஒரு வரி அதை மாற்றித் தரும்:

```
ffmpeg -i pechu.m4a -ar 48000 pechu.wav
```

மாற்ற வேண்டியது பதிவு செய்த கைப்பேசியில் இருக்கும் மூலக் கோப்பை. குரல் செய்தியாகச் சுற்றி வந்த சுருக்கிய நகலில் மெல்லிய ஒலிகள் ஏற்கெனவே தூக்கி எறியப்பட்டிருக்கும். அதில் இரைச்சலைக் குறைத்தால், சுருக்கியபோது நேர்ந்த சேதம் வெளியே தெரியத் தொடங்கும். மாற்றியபின் மூலத்தை அழிக்காமல் தனியே வைத்து, 80 ஹெர்ட்ஸ், 100இல் Q 30, குறைப்பு 8, Sensitivity 4 என்று செய்ததை ஓர் எழுத்துக் கோப்பில் குறித்து அதன் பக்கத்திலேயே சேமித்திருக்கிறேன். பெரியம்மாவின் பதிவில் கோட்டை கட்டும் வைக்கோல் பிரியின் பெயரை அவர் தலையைத் திருப்பிக்கொண்டு சொன்ன ஓர் இடம் இன்னும் தெளிவாகக் கேட்கவில்லை. அந்தச் சில நொடிகளை மட்டும் எதுவும் செய்யாமல், முழு இரைச்சலோடு தனிக் கோப்பாக எடுத்து வைத்திருக்கிறேன். அடுத்த முறை ஊருக்குப் போகும்போது அதை அவருக்கே போட்டுக் காட்டி, என்ன சொன்னார் என்று கேட்க வேண்டும்.